ஆர்டருக்கு எவ்வளவு அட்வான்ஸ், எந்தத் தேதியில் டெலிவரி: கணக்குப் போட்டுச் சொல்லும் முறை

துணியில் கத்தரி படும் வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். அளவைத் திருத்தலாம், மாடலை மாற்றலாம், துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கத்தரி பட்ட பிறகு அந்தத் துணி ஒரே ஒருவருடைய உடம்புக்கு மட்டும் ஆனது. கேக்கிலும் அப்படித்தான். மேலே பெயர் எழுதிவிட்டால் அந்தப் பெயர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. சொல்லிச் செய்யும் வேலையில் அட்வான்ஸும் தேதியும் இவ்வளவு முக்கியமாவதற்கு இந்த ஒரு நிமிடம்தான் காரணம். ரெடிமேட் விற்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்கிப் போவார்.

பெரும்பாலோர் அட்வான்ஸைக் குத்துமதிப்பாகப் பாதி என்று வாங்குகிறார்கள், தேதியை வாய்க்கு வந்தபடி ஒரு வாரம் என்று சொல்கிறார்கள். இரண்டையும் கணக்குப் போட்டே சொல்ல முடியும். ஒரு நோட்டும் பத்து நிமிடமும் போதும். இங்கே தையலை முழுதாக எடுத்துக்கொள்வோம். கேக் எங்கே வேறுபடுகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் தேதி, பிறகுதான் பணம்

பணத்தை வாங்கிப் போட்டுவிட்டுத் தேதியை யோசிப்பது தலைகீழ் வேலை. பணம் கைக்கு வந்துவிட்டால் வாடிக்கையாளர் கேட்கும் தேதிக்குத் தலையாட்டத்தான் தோன்றும். எனவே எந்தத் தேதிக்குக் கொடுக்க முடியும் என்பது முடிவாகும் வரை அட்வான்ஸைத் தொட வேண்டாம்.

"இதைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதும் "இது எப்போது கைக்கு வரும்?" என்பதும் வெவ்வேறு கேள்விகள். லைனிங் வைத்த ஒரு நீளக் கவுனைத் தைக்க ஒன்பது மணி நேரம் போதும். ஆனால் அது கைக்கு வர மூன்று வாரம் ஆகலாம். முன்னால் நிற்கும் வரிசைதான் அந்த இடைவெளிக்குக் காரணம். தேதி தவறும் கடைகளில் தையல் மெதுவாக நடப்பதில்லை. வரிசையை எண்ணாமல் தைக்கும் நேரத்தை மட்டும் மனதில் வைத்துத் தேதி சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வரிசையை எண்ண முதலில் உங்கள் ஒரு நாள் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடை பத்து மணி நேரம் திறந்திருக்கலாம். அதில் கத்தரியும் மெஷினும் ஓடிய நேரம் எவ்வளவு? ஒரு வாரத்துக்கு, வேலையில் உட்காரும்போதும் எழும்போதும் மணியைக் குறித்து வையுங்கள். அளவெடுப்பது, போன் பேசுவது, நூல் வாங்கப் போவது, பாபின் சுற்றுவது, மின்தடை எல்லாம் கழித்துப் பார்த்தால் தனியாக வேலை செய்பவருக்கு ஐந்து மணி நேரம் தேறினாலே நல்ல கணக்கு. முதன்முறை குறிப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எட்டு மணி நேரம் உழைத்தது போலத்தான் உடம்பு சொல்லும்.

அந்த ஐந்தையும் ஆர்டருக்கு விற்றுவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். பழைய வாடிக்கையாளர் பிடித்துக்கொண்டு வரும் ஆல்டரேஷன், பிரித்துத் தைக்க வேண்டிய தப்பு, தவிர்க்க முடியாத அவசர வேலை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் போகும். ஒதுக்காவிட்டாலும் அவை வரத்தான் செய்யும், வரிசையில் நிற்பவரின் நேரத்தை எடுத்துக்கொண்டு வரும். ஆக, விற்கக்கூடிய நேரம் நாளுக்கு நான்கு மணி.

அடுத்து, கையில் இருக்கும் ஆர்டர்களை நோட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் மீதி எத்தனை மணி நேர வேலை என்று போடுங்கள். "மூன்று உருப்படி பாக்கி" என்று எண்ணிக்கையாக வைத்துக்கொள்வதில் பயன் இல்லை. சாதாரண சட்டையும் கவுனும் ஒரே எண்ணிக்கையில் வந்தால் கணக்குக் குப்புற விழும். மணிகளைக் கூட்டி நான்கால் வகுத்தால், புது ஆர்டர் எத்தனை வேலை நாள் கழித்துத் தொடங்கும் என்பது வந்துவிடும்.

ஒரு கவுன், தேதி தேதியாக

ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை. ஒருவர் வந்து லைனிங் வைத்த நீளக் கவுன் கேட்கிறார். துணி அவருடையது. கழுத்தில் மணி வேலை வேண்டும், அது வெளியே கொடுத்து வாங்க வேண்டிய வேலை. பாவாடைப் பகுதி கிராஸாக வெட்ட வேண்டும். 28-ஆம் தேதி ஞாயிறு அவருக்கு விழா. உங்களுக்கு ஞாயிறு விடுமுறை.

நோட்டில் 36 மணி நேர வேலை பாக்கி இருக்கிறது. நாளுக்கு நான்கு வீதம் ஒன்பது வேலை நாள். நாளை செவ்வாய் 2-ஆம் தேதியிலிருந்து எண்ணினால், இடையில் ஒரு ஞாயிறு போக, 11-ஆம் தேதி வியாழன் வரை அந்த வரிசை ஓடும். இந்தக் கவுனில் கத்தரி படுவது 12-ஆம் தேதி வெள்ளி.

கவுனை அப்படியே ஒன்பது மணி நேரம் என்று எழுதாமல் இரண்டாகப் பிரியுங்கள். வெட்டுவது, லைனிங் சேர்ப்பது, ட்ரையலுக்காகப் பெரிய தையலாகப் போடுவது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். ட்ரையல் முடிந்து திருத்துவது, ஜிப் வைப்பது, ஹெம்மிங், கை வேலை சேர்த்து மூன்று மணி நேரம். முதல் ஆறு மணி வெள்ளியும் சனிக்கிழமை மதியம் வரையும் எடுக்கும். 13-ஆம் தேதி சனி மாலை ட்ரையலுக்குத் தயார்.

கூப்பிட்டதும் யாரும் ஓடி வந்துவிட மாட்டார்கள். ட்ரையலுக்கு 16-ஆம் தேதி செவ்வாய் வரை விட்டுவையுங்கள். இந்தக் காத்திருப்பு வீணில்லை. கிராஸாக வெட்டிய துணி தன் எடையிலேயே இறங்கும், ஒரு நாளாவது தொங்கவிட்டுத்தான் அடியை வெட்டிச் சமன் செய்து மடிக்க வேண்டும். அந்தத் தொங்கல் ட்ரையலுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே நடந்துவிடும். அவசரமாக அன்றைக்கே ஹெம் அடித்துக் கொடுத்த கவுன் இரண்டு நாளில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால், தையல் தெரியாதவர் என்ற பேர் வரும். உண்மையில் தப்பு தேதியில் இருந்தது.

மீதி மூன்று மணி நேரம் 17-ஆம் தேதி புதன்கிழமை முடிகிறது. மணி வேலை? கழுத்துப் பகுதியை மட்டும் முன்கூட்டியே, 3-ஆம் தேதி அளவில், ஓரம் விட்டு வெட்டி வெளியே கொடுத்தால் 11-ஆம் தேதிக்குள் திரும்பி வர எட்டு நாள் கிடைக்கும். வெளி ஆள் சொல்லும் நாளை அப்படியே நம்பி வைக்காமல், அவரிடம் கேட்கும் தேதியை உங்களுக்குத் தேவைப்படும் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஆனால் கழுத்துப் பகுதியை வெட்டுவதற்கு முன் அட்வான்ஸ் வந்திருக்க வேண்டும். கத்தரி படும் நாள் இந்த ஆர்டரில் 12-ஆம் தேதி போலத் தெரிந்தாலும் உண்மையில் 3-ஆம் தேதிதான்.

ஆகக் கணக்குப்படி 17. அதை வாடிக்கையாளரிடம் சொல்லலாமா? கூடாது.

கூடுதல் நாள் எவ்வளவு

எல்லோரும் "இரண்டு நாள் சேர்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். எதற்கு இரண்டு, ஏன் ஐந்தில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. கடைசியாக முடித்த பத்து ஆர்டரை எடுத்து, கணக்குப் போட்ட தேதிக்கும் உண்மையில் முடிந்த தேதிக்கும் எத்தனை வேலை நாள் வித்தியாசம் என்று எழுதுங்கள். உதாரணமாக இப்படி வரலாம்: 0, 1, 0, 2, 0, 0, 1, 5, 0, 2.

சராசரி 1.1 நாள். சராசரியைப் பார்த்து ஒரு நாள் மட்டும் சேர்த்தால் பத்தில் மூன்று பேருக்குத் தேதி தவறும். இரண்டு நாள் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்குச் சொன்ன சொல் நிற்கும். மிஞ்சும் அந்த ஐந்து நாள் ஆர்டருக்காக எல்லோருக்கும் ஐந்து நாள் சேர்த்துச் சொன்னால் வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்த ஒன்று ஏன் இழுத்தது என்று தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் வெளி வேலை வரவில்லை, அல்லது வாடிக்கையாளர் ட்ரையலுக்கு வரவில்லை என்றுதான் இருக்கும். இரண்டுக்கும் தனி மருந்து உண்டு, கீழே வருகிறது.

17-உடன் இரண்டு வேலை நாள் சேர்த்தால் 19, வெள்ளி. "20-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். விழாவுக்கு எட்டு நாள் இருக்கிறது. போட்டுப் பார்த்து, ஏதாவது இடித்தால் திருத்தவும் நேரம் உண்டு. அவருடைய விழா 18-ஆம் தேதியாக இருந்திருந்தால் இந்த ஆர்டரை எடுக்கக் கூடாது. கணக்குப்படி 17-க்கு முடியும்தான். ஆனால் மேலே உள்ள பத்தில் ஐந்து ஆர்டர் ஒரு நாளாவது தள்ளிப் போயிருக்கிறது. விழாவுக்கு ஒரே நாள் முன்பு முடியும் என்று சொல்வது காசைச் சுண்டிப் போடுவதற்குச் சமம்.

நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது. "20-ஆம் தேதி" என்றால் காலை ஒன்பது மணிக்கே வந்து நிற்பார்கள். "அடுத்த வாரம்" என்றால் நீங்கள் சனிக்கிழமையை நினைப்பீர்கள், அவர் திங்கட்கிழமையை நினைப்பார். "சீக்கிரமே முடிச்சுடலாம்" என்பது தேதியே இல்லை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. துணி, அளவு, மாடல், அட்வான்ஸ் ஆகிய நான்கும் கையில் வந்த நாளிலிருந்துதான் நாட்கள் எண்ணப்படும். துணியைக் கொடுத்துவிட்டு "கழுத்து மாடல் அப்புறம் அனுப்பறேன்" என்று போனவர் பத்து நாள் கழித்து அனுப்பிவிட்டு, பழைய தேதிக்கே வந்து கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் சொல்லவில்லையே. நான்கில் எது கடைசியாக வந்ததோ அந்த நாளில் வரிசையைப் புதிதாக எண்ணித் தேதி கொடுக்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ்: போன பணத்துக்குப் பின்னால் நிற்காமல்

அட்வான்ஸுக்கு ஒரே விதி போதும். ஒவ்வொரு தவணை வாங்கும் நாளிலும், அதுவரை நீங்கள் திரும்பப் பெற முடியாதபடி செலவழித்ததைவிட அவரிடம் வாங்கியது குறையக் கூடாது. விலையில் பாதி, மூன்றில் ஒன்று என்ற சதவீதமெல்லாம் இந்த விதியிலிருந்து வர வேண்டியவை.

அந்தக் கவுனுக்கு மொத்த விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். லைனிங், ஜிப், ஃப்யூசிங், நூல் எல்லாம் 16. வெளியே கொடுக்கும் மணி வேலை 20. உங்கள் கூலி மணிக்கு 5 வீதம் ஒன்பது மணி நேரத்துக்கு 45. மீதி 19 கடைச் செலவும் லாபமும்.

ஆர்டர் எடுத்த சில நாட்களிலேயே 16-ம் 20-ம் கையை விட்டுப் போய்விடும், மொத்தம் 36. ஆகவே முதல் அட்வான்ஸ் 40. ட்ரையல் வரும்போது ஆறு மணி நேரக் கூலி 30 அதில் சேர்ந்து 66 ஆகியிருக்கும். எனவே ட்ரையல் அன்று இன்னும் 30 வாங்கினால் கையில் 70. டெலிவரி அன்று மீதி 30. மூன்று தவணை நாளிலும் நீங்கள் பின்தங்குவதில்லை.

ஒரே தடவையாகப் பாதி வாங்கும் பழக்கத்தில் ட்ரையலுக்கும் டெலிவரிக்கும் நடுவில்தான் ஓட்டை. 66 செலவழித்திருப்பீர்கள், கையில் 50 இருக்கும். அந்த 16 பங்கு இடைவெளியில்தான் "வேற ஒண்ணு ரெடிமேட்ல எடுத்துட்டேன்" என்ற போன் வரும். ட்ரையலில் இரண்டாம் தவணை வாங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. உடையைப் போட்டுக் கண்ணாடியில் பார்க்கும் நேரம் வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை வந்திருக்கும் நேரம். பணம் கேட்பவருக்கும் கூச்சம் குறைவு.

முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிவிட்டால் என்ன? தையலில் அது பெரும்பாலும் நல்லதில்லை. முழுதும் கொடுத்தவருக்கு ட்ரையலில் "இங்கே கொஞ்சம் லூஸாக இருக்கிறதே" என்று சொல்லும் பிடி போய்விடுகிறது. அந்தப் பயத்தாலேயே புது ஆட்கள் முழுப் பணம் கேட்கும் கடைக்கு வர யோசிப்பார்கள். உங்கள் பக்கமும், வர வேண்டிய காசு ஏதும் இல்லாத உருப்படி வரிசையில் தானாகப் பின்னுக்குப் போகும். மனித சுபாவம்.

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் அட்வான்ஸ் கேட்க வாய் வராது. தனியாகத் தொகை சொல்லிக் கேட்பதைவிட, "வெளி வேலைக்கும் லைனிங்குக்கும் இன்னிக்கே பணம் கட்டணும், அதுக்கு 40 கொடுத்துடுங்க" என்று எதற்காக என்பதைச் சொல்லிக் கேளுங்கள். இது பொய்யும் இல்லை, சங்கடமும் குறையும். அப்படியும் கொடுக்காதவருடைய துணி அலமாரியில் இருக்கலாம், வரிசையில் ஏறக் கூடாது.

அட்வான்ஸ் வருமானம் இல்லை

பல நல்ல கைவேலைக்காரர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். இன்று வந்த அட்வான்ஸை எடுத்து, போன வாரம் வாங்கிய ஆர்டருக்கு லைனிங் வாங்குவார்கள். அந்த ஆர்டரின் அட்வான்ஸ் வீட்டுச் செலவில் போயிருக்கும். புது ஆர்டர் வந்துகொண்டே இருக்கும் வரை இது தெரியாது. ஒரு மாதம் ஆர்டர் குறைந்ததும் கையில் பணமில்லாமல் பொருள் வாங்க முடியாது. பொருள் இல்லாமல் வேலை நிற்கும், வேலை நின்றால் தேதி தவறும். வெளியில் பார்ப்பவருக்கு இது சோம்பல் போலத் தெரியும்.

டெலிவரி ஆகும் வரை அட்வான்ஸ் என்பது நீங்கள் பட்ட கடன். அதைத் தனிக் கணக்கிலோ தனி டப்பாவிலோ வையுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கவர் போட்டு, மேலே எண் எழுதி, அந்த ஆர்டருக்கான பொருளை மட்டும் அதிலிருந்து எடுத்து வாங்குங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. முடியாத ஆர்டர்களுக்கு வாங்கிய அட்வான்ஸைக் கூட்டி, அவற்றுக்கே செலவான தொகையைக் கழியுங்கள். மிஞ்சும் எண் டப்பாவில் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கேயோ ஒரு ஆர்டரின் பணத்தில் இன்னொரு ஆர்டர் ஓடுகிறது என்று அர்த்தம். கூலியை எடுத்துக்கொள்ள டெலிவரி வரை காத்திருக்க முடியாது என்றால், அந்தந்தக் கட்டம் முடிந்த பிறகு அந்தக் கட்டத்துக்கான கூலியை மட்டும் எடுங்கள்.

ரசீதில் இருக்க வேண்டியது

பேசியதை எழுதாவிட்டால் இருவருக்கும் இரண்டு ஞாபகம். அச்சடித்த புத்தகம் வேண்டியதில்லை, போனில் அனுப்பும் ஒரு செய்தி போதும். ஆனால் வாடிக்கையாளர் அதற்கு "சரி" என்று பதில் போட வேண்டும். மேலே சொன்ன கவுனுக்கு இப்படி எழுதலாம்:

> ஆர்டர் எண் 47. லைனிங் வைத்த நீளக் கவுன் ஒன்று. துணி உங்களுடையது, 5 மீட்டர் பெற்றுக்கொண்டோம். கழுத்து மாடல்: நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம். கை: முழங்கை வரை.
> மொத்தம் 100. இன்று பெற்றது 40. ட்ரையல் அன்று 30. டெலிவரி அன்று 30.
> ட்ரையல்: 13-ஆம் தேதி மாலை முதல் 16-ஆம் தேதி இரவு 7 மணிக்குள். அதற்குள் வர முடியாவிட்டால் எத்தனை நாள் தள்ளுகிறதோ அத்தனை நாள் டெலிவரியும் தள்ளும்.
> டெலிவரி: 20-ஆம் தேதி சனி, மாலை 5 மணிக்கு மேல்.
> துணி வெட்டிய பிறகு மாடல் மாற்றினால் விலையும் தேதியும் மாறும். எழுதியது சரி என்றால் "சரி" என்று பதில் அனுப்புங்கள், அதன் பிறகே வெட்டுவோம்.

துணியின் நீளத்தை அளந்து எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அவர் ஆறு மீட்டர் என்று நினைத்துக் கொடுத்திருப்பார், கடைக்காரர் கொடுத்தது ஐந்தாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து மீதித் துணி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வழியிருக்காது. அவர் எதிரிலேயே விரித்து அளந்து, கறையோ ஓட்டையோ இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ட்ரையல் வரி தாமதத்தின் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். 16-க்குள் வர வேண்டியவர் 22-ஆம் தேதி வந்தால் அந்த மூன்று மணி நேர வேலைக்கு உங்கள் வரிசையில் 17-ஆம் தேதி வைத்திருந்த இடம் போயிருக்கும். "நீங்க வரலையே" என்று அப்போது வாதாடுவதைவிட, எழுதியிருப்பதைக் காட்டுவது இருவருக்கும் மரியாதை.

ரத்து செய்தால் எவ்வளவு திருப்புவது

"அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று பலகையில் எழுதி வைப்பது எளிது, ஆனால் நியாயமாக இருக்காது. துணியைத் தொடவே இல்லை என்றால் எதற்காகப் பணத்தை வைத்துக்கொள்வது? மேலே போட்ட கணக்கே இங்கேயும் உதவும். எதுவும் வாங்காமல், வெட்டாமல் இருக்கும்போது ரத்து செய்தால் முழுதும் திருப்பிக் கொடுங்கள். அந்த நாட்களுக்காக வேறு ஆர்டரை மறுத்திருந்தால், முன்பே சொல்லியிருந்த ஒரு சிறு தொகையை மட்டும் கழியுங்கள். பொருள் வாங்கி, வெளி வேலை கொடுத்த பிறகு என்றால் அந்தச் செலவு போக மீதி. ட்ரையலுக்குத் தயாரான பிறகு திருப்ப எதுவும் இல்லை. ஆனால் அவருடைய துணி வெட்டிய நிலையில் இருந்தாலும் அது அவருடையது, கொடுத்துவிட வேண்டும்.

தாமதம் உங்களால் வந்து, உடை விழாவுக்குப் பயன்படாமல் போனால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வாங்கியது முழுதும் திரும்ப வேண்டும்.

இணையத்தில் ஆர்டர் எடுப்பவர்கள் தங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பும் உரிமை உண்டு. ஆனால் வாடிக்கையாளர் சொன்ன அளவுக்கே செய்த பொருளுக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கும் அந்த உரிமை பொருந்தாது. குறையுள்ள பொருளைக் கொடுத்துவிட்டு இதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

கேக்கில் என்ன மாறுகிறது

தையலில் தேதி தள்ளலாம், கேக்கில் முடியாது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கட்கிழமை கேக் குப்பை. எனவே இங்கே கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். சனிக்கிழமை மாலை 5 மணிக்குச் சர்க்கரைப் பூ வைத்த இரண்டு அடுக்குக் கேக் என்றால், சனிக்கிழமை அடுக்குவதும் பூ வைப்பதும் கொண்டு போவதும் மட்டும். வெளிக் கிரீம் பூசுவது வெள்ளி. ஸ்பாஞ்ச் வேக வைத்து, முழுதாக ஆறவிட்டு, நடுவில் கிரீம் வைத்து, மெல்லிய முதல் பூச்சு பூசிக் குளிரவைப்பது வியாழன். சூடு போகாத ஸ்பாஞ்சில் கிரீம் நிற்காது, வழிந்து இறங்கும். இந்த ஆறும் நேரத்தை அவசரப்படுத்த முடியாது. பூக்கள் உலர நாட்கள் வேண்டும், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் இழுக்கும். எனவே திங்கட்கிழமையே செய்து வைத்துவிடுங்கள்.

உங்கள் நாளின் அளவு இங்கே மணிகளில் வராது. எத்தனை கேக் எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஃபிரிட்ஜ். வெள்ளி இரவு அதில் எத்தனை கேக் பெட்டி மூடி தட்டாமல் நிற்கும் என்று வெறும் பெட்டிகளை வைத்தே பாருங்கள். நான்கு நிற்கும் என்றால் சனிக்கிழமைக்கு நான்கு ஆர்டர்தான், கை எவ்வளவு வேகமாக இருந்தாலும்.

பணத்திலும் வரிசை மாறும். கேக்குக்கு ட்ரையல் இல்லை, செலவெல்லாம் கடைசி சில நாட்களில் ஒரே மூச்சில் வரும். அந்தத் தேதியை அவருக்காகப் பிடித்து வைக்க ஆர்டர் அன்று 30 பங்கு. மீதி 70-ம் பூ வேலை தொடங்குவதற்கு முன், அதாவது முந்தைய சனிக்கிழமைக்குள். பூ இல்லாத எளிய கேக் என்றால் புதன்கிழமை போதும். டெலிவரி அன்று பாக்கி வைத்துக்கொண்டால் விழா வீட்டு வாசலில் கேக்கைக் கையில் பிடித்தபடி பணம் கேட்க வேண்டியிருக்கும், கொடுக்க வேண்டியவர் உள்ளே கூட்டத்தில் இருப்பார்.

பெயரை வாடிக்கையாளரையே எழுத்தில் அனுப்பச் சொல்லி, அதை அப்படியே திருப்பி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். போனில் காதால் கேட்டு எழுதிய பெயர்கள்தான் தப்பாகின்றன. புதன்கிழமை இரவுக்குப் பிறகு சுவையோ அளவோ மாற்ற முடியாது, பெயரை மட்டும் வெள்ளி மதியம் வரை மாற்றலாம் என்று பிரித்துச் சொன்னால் வீண் வாக்குவாதம் வராது.

அவசர ஆர்டர்

ஒதுக்கி வைத்த அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் எடுக்கலாம். அவசரத்துக்குக் கூடுதல் காசு வாங்குவதில் தப்பில்லை, முழுதும் முன்பணமாகவும் வாங்கலாம், ஏனென்றால் பொருளும் உழைப்பும் ஒரே நாளில் போகிறது. வரிசையில் நிற்பவரைத் தள்ளிவிட்டு எடுத்தால் கூடுதலாக வாங்கியது அவருடைய நாளின் விலை. சீசன் நெருங்கும்போது வரிசையின் கடைசி நாள் விழா நாளைத் தொட்டுவிட்டால், அன்றே "இனி இந்த விழாவுக்கு ஆர்டர் இல்லை" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

தவறப்போகிறது என்று தெரிந்தால்

எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாசகம் உண்டு: "எல்லாம் முடிஞ்சுடுச்சுங்க, காஜா பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க." துணி வெட்டாமல் அலமாரியில் இருக்கும்போதே இது சொல்லப்படுவதையும் எல்லோரும் அறிவார்கள். இரண்டாவது தடவை வந்து திரும்பிப் போகிறவர் மூன்றாவது தடவை சண்டைக்குத்தான் வருவார்.

தாமதம் கடைசி நாளில் திடீரென்று வருவதில்லை. மேலே சொன்ன கவுனில் 11-ஆம் தேதி மணி வேலை திரும்பவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். 12-ஆம் தேதி கத்தரி படவில்லை என்றாலும் தெரிந்துவிடும். சேர்த்து வைத்த இரண்டு நாளுக்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அதற்காகத்தானே சேர்த்தோம். அடங்காவிட்டால் அன்றைக்கே கூப்பிட்டு, காரணத்தை ஒரு வரியில் சொல்லி, புதுத் தேதியையும் சொல்லுங்கள்: "வெளியே கொடுத்த மணி வேலை வர 15-ஆம் தேதி ஆகும்னு சொல்றாங்க. 20-க்குக் கொடுக்கறதா சொன்னது 24, புதன்கிழமை ஆகும். உங்க விழாவுக்கு நாலு நாள் முன்னாடி. இல்ல, மணி வேலை இல்லாம 20-க்கே வேணும்னா அந்தக் காசைக் கழிச்சுக்கறேன். எது வசதி?" புதுத் தேதி நிச்சயம் நிற்கக்கூடியதாக இருக்கட்டும். ஒரு தடவை தள்ளினால் பொறுத்துக்கொள்வார்கள். 22 என்று சொல்லிப் பிறகு 24 என்று இழுத்தால் மொத்தம் அதே நான்கு நாள்தான், ஆனால் இரண்டு தடவை ஏமாந்த கணக்கு.

முடிந்த உருப்படியை வாங்க வராதவர்களும் உண்டு. முடிந்த அன்றே படம் எடுத்து, மீதித் தொகையோடு அனுப்புங்கள். 30 நாளுக்கு மேல் வைத்திருக்கும் பொறுப்பு கடைக்கு இல்லை என்று ரசீதில் ஒரு வரி சேர்த்திருந்தால், இருபதாம் நாள் அதை நினைவூட்டி இன்னொரு செய்தி அனுப்பலாம். பெரும்பாலும் அந்தச் செய்தி போன இரண்டு நாளுக்குள் வந்துவிடுகிறார்கள்.